நிச்சயம் முறிந்த பின்: கொடுத்த பணம், போட்ட நகை, கட்டிய அட்வான்ஸ் எவை திரும்பும்?

கேள்வி: என் தங்கைக்கு மாசி மாதம் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்தது. வைகாசியில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு 26 நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா போன் செய்து, “பையனுக்கு இஷ்டமில்லை, மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. மண்டபத்துக்கு 90,000, சமையலுக்கு 40,000, பத்திரிகைக்கு 18,000, முகூர்த்தப் புடவைக்கு 32,000 அப்பா கொடுத்துவிட்டார். நிச்சயத்துக்கு மட்டும் 1,10,000 செலவு. மாப்பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரம் போட்டோம். வண்டி வாங்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் 3 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தோம். அவர்கள் தங்கைக்குப் போட்ட 3 பவுன் சங்கிலி எங்களிடம் இருக்கிறது. இதையெல்லாம் சட்டப்படி வாங்க முடியுமா? போலீசுக்குப் போவதா, கோர்ட்டுக்குப் போவதா?

பதில்:

பெரும்பகுதியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கும் தொகைகள் சட்டத்தின் பார்வையில் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுத்தது ஒப்பந்த முறிவால் வந்த நட்டம்; மோதிரமும் சங்கிலியும் கல்யாணத்தை எதிர்பார்த்துக் கொடுத்த பரிசு; 3 லட்சம் ரூபாய் வரதட்சணை. ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம், வேறு ஆதாரம், வேறு ஆபத்து. இவற்றை ஒன்றாகக் கலந்து ஒரே புகாராக எழுதிக் கொடுப்பதால்தான் பல குடும்பங்கள் கிடைக்க வேண்டியதையும் இழக்கின்றன. மாவட்ட நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாகச் சிவில் வழக்கு நடத்துபவன் என்ற முறையில் நான் அடிக்கடி பார்ப்பது இது.

முதலில் நிச்சயம் என்பதன் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் நிச்சயதார்த்தத்துக்கு எந்த இடமும் இல்லை. அது திருமணத்தின் ஒரு பகுதி அல்ல, திருமணம் செய்துகொள்கிறோம் என்ற வாக்குறுதி மட்டுமே. அந்த வாக்குறுதியை நிறைவேற்றும்படி எந்த நீதிமன்றமும் யாரையும் கட்டாயப்படுத்தாது. 1875இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. எனவே மாப்பிள்ளை விலகியது குற்றமல்ல. அதே சமயம், இரு வீட்டாரும் ஒப்புக்கொண்ட வாக்குறுதியை நம்பி ஒரு தரப்பு செலவு செய்து, மறுதரப்பு தக்க காரணமின்றி விலகினால், அந்த நட்டத்துக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73இன் கீழ் இழப்பீடு கேட்கலாம். கல்யாணத்தை நடத்தச் சொல்லிக் கேட்க முடியாது. கல்யாணத்தை நம்பிச் செலவழித்ததைக் கேட்கலாம். உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு கோட்டின் மேல்தான் நிற்கிறது.

‘தக்க காரணமின்றி’ என்பதை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். நோட்டீஸ் போனதும் இதுவரை சொல்லாத காரணங்கள் முளைக்கும்: பெண்ணின் வயதை மறைத்தார்கள், வேலையைப் பற்றிப் பொய் சொன்னார்கள், முன்பு ஒரு சம்பந்தம் பேசி முறிந்ததைச் சொல்லவில்லை என்றெல்லாம் பதில் வரும். முக்கியமான ஓர் உண்மையை நீங்கள் உண்மையிலேயே மறைத்திருந்தால் விலகியதில் நியாயம் உண்டு, இழப்பீடும் கிடைக்காது. அப்படி எதுவும் இல்லையென்றால், அந்தத் தொலைபேசிப் பேச்சில் காரணமே சொல்லப்படவில்லை என்பது உங்கள் கையில் இருக்கும் வலுவான சங்கதி. அதை இப்போதே பதிவாக்கி வையுங்கள். “நேற்று காலை நீங்கள் அழைத்து, பையனுக்கு இஷ்டமில்லாததால் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னீர்கள், வேறு காரணம் ஏதும் இருந்தால் தெரிவியுங்கள்” என்று உங்கள் அப்பா அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் போதும். கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். அவர்கள் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டாலும் சரி, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாலும் சரி, பின்னால் புதுக் காரணம் சொல்லும்போது அது உங்களுக்குக் கை கொடுக்கும்.

அடுத்து, நிச்சயம் நடந்தது என்பதற்கான ஆதாரம். உங்கள் வீட்டில் லக்னப் பத்திரிகை எழுதி வாசித்திருப்பார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தத் தாளில் முகூர்த்தத் தேதி, மணமக்கள் பெயர், இரு தரப்புப் பெரியவர்களின் கையெழுத்து எல்லாம் இருக்கும். பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பீர்கள். அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நிச்சயம் நடந்ததா, தேதி குறித்ததா, யார் யாருக்கு வாக்குக் கொடுத்தார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒரு தாளே பதில். கூடவே, தட்டு மாற்றும்போது எடுத்த வீடியோவையும் வெட்டித் திருத்தாத முழுக் கோப்பாகப் படம்பிடித்தவரிடமிருந்து வாங்கி வையுங்கள். வீடியோவையும் வாட்ஸ்அப் செய்திகளையும் நீதிமன்றத்தில் ஆதாரமாகச் சேர்க்க வேண்டுமானால், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞர் தயார் செய்வார். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தச் செய்திகள் இருக்கும் கைபேசியை மாற்றாமலும் அழிக்காமலும் வைத்திருப்பதுதான்.

இனிச் செலவுகளுக்கு வருவோம். பிரிவு 73 இழப்பீடு தருகிறது. ஆனால் நட்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதன் விளக்கம் சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள், இன்றே மண்டபத்துக்கும் சமையல் கான்ட்ராக்டருக்கும் எழுத்தில் ரத்து அறிவிப்புக் கொடுங்கள் என்பதுதான். “அவர்களால்தானே நின்றது, அவர்களே மண்டபத்தில் பேசட்டும்” என்று கோபத்தில் சும்மா இருந்துவிட்டால், முகூர்த்த நாள் வரை மண்டபம் உங்கள் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும். அந்தத் தொகையை எதிர்த்தரப்பு தலையில் கட்ட நீதிமன்றம் தயங்கும். வைகாசி முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடி அலைபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 26 நாளில் வேறு ஒருவர் எடுத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. ரசீதின் பின்புறம் ‘அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74இன்படி, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. அதே நாளை வேறு ஒருவருக்கு முழு வாடகைக்கு விட்டுவிட்டு உங்கள் அட்வான்ஸையும் மண்டபம் வைத்துக்கொண்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அந்த நாளில் அங்கே வேறு விசேஷம் நடந்ததா என்று அறிய, வாசலில் கட்டிய பேனரை ஒரு படம் எடுத்தாலே போதும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்டபம் 90,000இல் 50,000 திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொண்டால் நட்டம் 40,000. சமையல்காரர் இன்னும் சரக்கு வாங்கவில்லை, ஆள் மட்டும் பேசியிருக்கிறார் என்பதால் 40,000இல் 15,000 தருகிறார் என்றால் நட்டம் 25,000. பத்திரிகை 18,000 முழு நட்டம். பெயர் அச்சடித்த தாளை யாருக்கும் விற்க முடியாது. இவை மூன்றும் சேர்ந்து 83,000. ரசீது இருந்தால் இந்தத் தொகையை எதிர்த்தரப்பால் அதிகம் ஆட்டிப் பார்க்க முடியாது.

முகூர்த்தப் புடவை 32,000ஐ இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. புடவை உங்களிடம் இருக்கிறது, உடுத்தலாம், பிரிக்காமல் இருந்தால் சில கடைகளில் மாற்றவும் செய்யலாம். முறிந்த சம்பந்தத்துக்கு வாங்கிய புடவையை எந்தப் பெண்ணும் உடுத்த விரும்பமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனக்குறை கணக்கில் வராது. கைவசம் உள்ள பொருளுக்கு முழு விலை கேட்டால், மீதிப் பட்டியலின் நேர்மையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். தங்கைக்கு எடுத்த மற்ற நகைகளுக்கும் இதே நியாயம்தான்.

நிச்சயச் செலவு 1,10,000 சற்றுச் சிக்கலானது. அது அவர்கள் வாக்குறுதியை நம்பிச் செய்த செலவுதான். ஆனால் விருந்து நடந்தது, இரு தரப்பும் சாப்பிட்டது, பந்தியில் பாதிப்பேர் உங்கள் உறவினர்கள். “அவர்கள் வீட்டு விசேஷத்தை அவர்கள் செய்தார்கள், அது ஊர் வழக்கம்” என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. நோட்டீஸில் முழுத் தொகையையும் கேளுங்கள். பாதி கிடைத்தால் நல்ல முடிவு என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பூ, பழம், இனிப்பு, தாம்பூலத் தட்டு ஆகியவற்றைத் தனித் தனியாக எழுதி நீட்டிக்க வேண்டாம். ஒருமுறை ஒரு கட்சிக்காரர் கட்டைப்பை நிறைய பில்களோடு வந்தார். அதில் வாழைத்தார் வாங்கிய துண்டுச் சீட்டு முதல் ஐஸ்கிரீம் பில் வரை எல்லாம் இருந்தன. ஆனால் மண்டப ரசீது மட்டும் பெண்ணின் தாய்மாமன் பெயரில் இருந்தது, அவரோ சாட்சி சொல்ல வர மறுத்துவிட்டார். பட்டியலின் மிகப் பெரிய தொகை அப்படியே நின்றுபோனது. ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பதை இப்போதே பாருங்கள். வேறு ஒருவர் பெயரில் இருந்தால், பணத்தைக் கொடுத்தவர் உங்கள் அப்பாதான் என்பதற்கு அந்த நபரின் கடிதத்தையோ வங்கிப் பரிமாற்றப் பதிவையோ சேர்த்து வையுங்கள். மன உளைச்சலுக்கும் ஊரில் ஏற்பட்ட தலைகுனிவுக்கும் இழப்பீடு கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் அதற்குப் பெரிய தொகை போட்டால் நீதிமன்றக் கட்டணம்தான் ஏறும்.

மோதிரமும் சங்கிலியும் அடுத்தது. நிச்சயத்தில் போட்ட நகையைப் பற்றி இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, பொருளைக் கையில் கொடுத்து அவர் ஏற்றுக்கொண்டால் தானம் முடிந்துவிடுகிறது, நினைத்தபோது திரும்பக் கேட்க முடியாது. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 126, கொடுத்தவரின் விருப்பத்தைச் சாராத ஒரு குறிப்பிட்ட நிகழ்வு நேர்ந்தால் பரிசைத் திரும்பப் பெறலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால், அப்படித் திரும்பப் பெற இடம் தருகிறது. நிச்சய மோதிரம் கல்யாணம் நடக்கும் என்ற புரிதலின் மேல் போடப்படுவது. ‘சம்பந்தம் நின்றால் போட்டதைத் திருப்பிக் கொடுப்பது’ என்பது நம் ஊர்களில் எல்லாச் சமூகத்திலும் பெரியவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். வாய்விட்டுச் சொல்லப்படாத அந்த வழக்கத்தைத்தான் நீங்கள் சாட்சிகள் மூலம் நிறுவ வேண்டியிருக்கும். கல்யாணத்தை நிறுத்தியது நீங்கள் அல்ல என்பதால், மோதிரத்தைக் கேட்பதில் உங்கள் நிலை வலுவானது.

இதே அளவுகோலை அவர்கள் சங்கிலிக்கு வைத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். நிகழ்வு அவர்கள் விருப்பத்தாலேயே நேர்ந்தது. எனவே சங்கிலியைத் திரும்பக் கேட்க அவர்களுக்குள்ள உரிமை பலவீனமானது. அப்படியானால் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 3 பவுன் உங்கள் கையில் இருக்கும்வரை, நம்பி ஒப்படைத்த நகையை மோசம் செய்துவிட்டார்கள் என்று காவல் நிலையத்தில் மனுக் கொடுக்க அவர்களுக்கு ஒரு கதவு திறந்தே இருக்கும். அந்த மனு நிற்காமல் போகலாம். ஆனால் தங்கையை ஸ்டேஷன் வாசலில் உட்கார வைக்கும். ஆகவே சங்கிலியைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறோம் என்று நோட்டீஸிலேயே எழுதுங்கள். அதே சமயம் முன்கூட்டியே அனுப்பிவிடவும் வேண்டாம். இரு தரப்பும் அமரும் ஒரே அமர்வில், நகைக் கடையில் எடை போட்டு, கிராம் கணக்கு எழுதிய ஒரு பற்றுச்சீட்டில் இருவரும் கையெழுத்திட்டு, மோதிரத்தையும் சங்கிலியையும் மாற்றிக்கொள்ளுங்கள். எடை போடாமல் வாங்கிய நகையைப் பற்றி ஆறு மாதம் கழித்து ‘ஒரு பவுன் குறைகிறது’ என்று பேச்சு வரும்.

இரு பக்கமும் கணக்குத் தீர்ப்பது நம் நாட்டில் புதிய யோசனையும் அல்ல. பெண் கொடுப்பதாகச் சொல்லிப் பின்வாங்கியவன் தண்டம் கட்டுவதோடு மறுதரப்பின் செலவை வட்டியோடு தர வேண்டும் என்றும், பெண் இறந்துபோனால் இரு தரப்புச் செலவையும் கழித்துவிட்டு மணமகன் தான் கொடுத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி கூறுகிறது. பின்வாங்கும் மாப்பிள்ளையைப் பற்றி அந்த வரியில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். இன்று அது சட்டமல்ல. ஆனால் சமரச மேசையில் பெரியவர்கள் போடும் கணக்கு இன்றும் ஏறக்குறைய அதுதான்.

இனி 3 லட்சம். இதில்தான் மிகக் கவனம் தேவை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், கல்யாணத்துக்கு முன்போ, அன்றோ, பின்போ, கல்யாணத்தை ஒட்டிக் கொடுப்பதையும் கொடுக்க ஒப்புக்கொள்வதையும் வரதட்சணை என்கிறது. வண்டி வாங்க என்று கேட்டு வாங்கிய பணம் இதற்குள் அப்படியே அடங்கும். வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் பிரிவு 3இன்படி குற்றம். கேட்பது பிரிவு 4இன்படி தனிக் குற்றம். கல்யாணமே நடக்காமல் போனாலும் கேட்டது குற்றம்தான் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் எஸ்.கோபால் ரெட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டதும் உங்கள் அப்பா, “அப்படியென்றால் நாமும் குற்றவாளிதானே, பணத்தை விட்டுவிடுவோம்” என்பார். அந்தப் பயத்தை நம்பித்தான் எதிர்த்தரப்பு பேசாமல் இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 7, உட்பிரிவு 3, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் அளிக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீது இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர முடியாது என்று பாதுகாப்புத் தருகிறது. கேட்டு நெருக்கியதால் கொடுத்தோம் என்ற உண்மையைச் சொல்வதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

இந்தப் பயத்தின் காரணமாகவே ஒரு தவறான ஆலோசனை உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும்: 3 லட்சத்தைக் கைமாற்றுக் கடனாகக் கொடுத்தது என்று நோட்டீஸில் எழுதிவிடலாம் என்பார்கள். செய்யாதீர்கள். கடன் என்றால் பத்திரம் எங்கே, வட்டி எவ்வளவு, சம்பந்தி ஆகப்போகிறவருக்கு நிச்சயம் முடிந்த வாரத்தில் ஏன் கடன் கொடுத்தீர்கள் என்று குறுக்கு விசாரணையில் மூன்று கேள்வி கேட்டால் கதை உடைந்துவிடும். அதோடு நீங்கள் சொன்ன மற்றவையும் நம்பகத்தன்மை இழக்கும்.

உண்மையைச் சொல்லியே பணத்தைக் கேட்க வழி இருக்கிறது. வரதட்சணை ஒப்பந்தம் பிரிவு 5இன்படி செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தின் கீழ் கைமாறிய பணத்தை மீட்க நீதிமன்றம் பொதுவாக உதவாது, இருவரும் ஒரே தவறில் பங்காளிகள் என்று கைவிட்டுவிடும். ஆனால் 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் பிரிவு 84 இதற்கு மூன்று விதிவிலக்கு வைத்திருக்கிறது: சட்டவிரோத நோக்கம் நிறைவேறாமல் போயிருந்தாலோ, கொடுத்தவரின் குற்றம் வாங்கியவரின் குற்றத்தைவிடக் குறைந்ததாக இருந்தாலோ, வாங்கியவரிடமே விட்டுவைப்பது ஒரு சட்டத்தின் நோக்கத்தையே தோற்கடிப்பதாக இருந்தாலோ, வாங்கியவர் அந்தச் சொத்தைக் கொடுத்தவரின் நன்மைக்காகவே வைத்திருப்பதாகக் கருதப்பட வேண்டும். கல்யாணம் நடக்கவில்லை, கேட்டவர்கள் அவர்கள், வரதட்சணையை வாங்கியவரிடமே விடுவது வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கே முரண். மூன்றும் உங்களுக்குப் பொருந்துகிறது என்று வாதிடலாம். பணம் கைமாறிய நொடியிலேயே குற்றம் முடிந்துவிட்டது, நிறைவேறாத நோக்கம் என்று எதுவும் இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். ஆகவே முதல் காரணத்தை மட்டும் நம்பாமல் மூன்றையும் வழக்குரையில் எழுதச் சொல்லுங்கள்.

ரொக்கம் கொடுத்ததை எப்படி நிரூபிப்பது? யாரும் வரதட்சணைக்கு ரசீது கொடுப்பதில்லை. உங்கள் அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கில் அந்த வாரம் பணம் எடுத்த பதிவோ, நகையை அடகு வைத்த சீட்டோ இருக்கும். அது ஒரு கண்ணி. அடுத்த சில நாட்களில் மாப்பிள்ளை வண்டிக்கு முன்பணம் கட்டியிருப்பார். ‘வண்டி புக் பண்ணியாச்சு’ என்று தங்கைக்குப் படத்தோடு செய்தி அனுப்பியிருந்தால் அது மறு கண்ணி. கொடுத்தபோது உடனிருந்த, இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர், பெரும்பாலும் சம்பந்தம் பேசிவைத்த தரகரோ உறவினரோ, மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே தேதியைச் சுற்றி அமைந்தால் ரசீது இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது என்றால், இந்தத் தொகைக்குச் சமரசம்தான் நல்ல வழி.

காவல் நிலையம் போவதா என்று கேட்டீர்கள். கல்யாணத்தை நிறுத்தியதற்காக மட்டும் மோசடிப் புகார் கொடுத்தால் நிற்காது. ராஜு கிருஷ்ணா ஷெட்பால்கர் என்பவரின் வழக்கில், பெண் வீட்டார் மண்டபத்துக்கு 75,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிய பிறகு அவர் வேறு பெண்ணை மணந்துகொண்டார். ஆனால் தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் அவர் மீதான மோசடி வழக்கை ரத்து செய்தது. மனம் மாறுவது வேறு, முதலிலேயே ஏமாற்ற நினைத்தது வேறு. நிச்சயத்தன்றே அவருக்கு வேறு கல்யாணம் பதிவாகியிருந்தது போன்ற ஆதாரம் கிடைத்தால்தான் மோசடி என்ற பேச்சுக்கு இடமுண்டு.

வரதட்சணை கேட்டார்கள் என்ற புகார் வேறு. அதற்கு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளலாம். பல குடும்பங்கள் இதைப் பணம் வாங்கித் தரும் கருவியாகப் பயன்படுத்தப் பார்க்கின்றன. முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன் யோசிக்க வேண்டியது இதுதான்: வரதட்சணைக் குற்றம் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக் கூடியதல்ல. பணம் கைக்கு வந்த பிறகு “புகாரை வாபஸ் வாங்குகிறோம்” என்று நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் வழக்கு முடிந்துவிடாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும், அதுவும் நீதிமன்றத்தின் விருப்பம். ஆகவே கேட்டதற்குத் தண்டனை வேண்டும் என்று உண்மையாக நினைத்தால் புகார் கொடுங்கள். பணம் மட்டும் வேண்டுமென்றால் அந்தக் கதவைத் தட்ட வேண்டாம். நிலையத்திலேயே ‘பேசி முடிக்கலாம்’ என்று உட்கார வைத்தால், எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தவணைக்கு ஒப்புக்கொண்டு ரொக்கமாக வாங்காதீர்கள். பணத்தை வசூலித்துத் தரும் அதிகாரம் காவல்துறைக்குக் கிடையாது, அவர்கள் முன்னிலையில் எழுதிய தாளை எந்த நீதிமன்றமும் தானாக நிறைவேற்றித் தராது.

நான் உங்களுக்குச் சொல்லும் வரிசை இது. முதலில் வழக்கறிஞர் மூலம் ஒப்புகை அட்டையுடன் கூடிய அஞ்சலில், மாப்பிள்ளைக்கும் அவர் அப்பாவுக்கும் தனித்தனியே நோட்டீஸ். அதில் தேதி வாரியாக நடந்தவை, 83,000, 1,10,000, 3,00,000 என்று மூன்று தலைப்பில் தொகை, மோதிரத்தின் எடை, சங்கிலியைத் திருப்பித் தரத் தயாராக இருப்பது, பதில் சொல்ல 15 நாள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்தது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அங்கே வழக்குத் தொடுக்கும் முன்பே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. பெண் என்ற முறையில் உங்கள் தங்கைக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் உதவியும் உண்டு. எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி, மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு பதிவானால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் நேரடியாக நிறைவேற்று மனுப் போடலாம். காவல் நிலையத் தாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். உங்கள் கணக்கில், 3,00,000 முழுதாகவும், 83,000 முழுதாகவும், நிச்சயச் செலவில் பாதி 55,000மாக, மொத்தம் 4,38,000 ரூபாயும் மோதிரமும் கிடைத்தால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்பேன். ஒரே தவணையில் தருகிறார்கள் என்றால் அந்த 55,000த்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

அங்கே ஒத்து வராவிட்டால் சிவில் வழக்கு. கல்யாணம் நடக்காததால் குடும்ப நல நீதிமன்றத்துக்கு இதில் வேலையில்லை. தொகையைப் பொறுத்து முன்சீப் நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ போட வேண்டும். நிச்சயம் உங்கள் வீட்டில் நடந்ததால் உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம், மாப்பிள்ளை ஊருக்கு அலைய வேண்டியதில்லை. செலவு செய்த அப்பா முதல் வாதி, தங்கை இரண்டாம் வாதி. வாக்குக் கொடுத்த தந்தையும் விலகிய மகனும் பிரதிவாதிகள். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 4,93,000 ரூபாய் கேட்டால் 14,790 ரூபாய் கட்ட வேண்டும். மோதிரத்தின் மதிப்பையும் சேர்த்தால் அதற்கேற்பக் கூடும். வழக்குப் போட்ட பிறகு வெளியில் சமரசமானாலும் அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

காலக்கெடு மூன்று ஆண்டு. ஒப்பந்த முறிவுக்கான இழப்பீட்டில் அது நிச்சயம் நடந்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து கணக்கிடப்படும். “இந்த ஆடி போகட்டும், தை பிறந்ததும் தருகிறோம்” என்று வாய்வார்த்தையாக அவர்கள் இழுத்தடிப்பதால் அந்தக் கெடு நீளாது. பணம் தர வேண்டியிருப்பதைக் கெடு முடியும் முன் கையெழுத்துப் போட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான், அந்த நாளிலிருந்து புதிதாகக் கணக்கு தொடங்கும். அந்தத் தொலைபேசி அழைப்பு வந்த தேதியை, கைபேசியின் அழைப்புப் பட்டியல் அழியும் முன், ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.